தொண்ணூற்று மூன்றுக்கு ஏழா, நூறுக்கு ஏழா?

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு என் அக்கா பணி ஓய்வு பெற்றார். கைக்கு வந்த தொகையில் பத்து லட்சத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும், அதுவரை அந்தப் பணம் ஒரு காசு குறையாமல் இருக்க வேண்டும், முடிந்தால் கொஞ்சம் வளரவும் வேண்டும். இதுதான் அவருடைய நிபந்தனை. பங்கு, பரஸ்பர நிதி என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுவார். அரசாங்கம் கையெழுத்துப் போட்ட காகிதம் என்றால் சரி என்றார். குடும்பத்தில் வட்டிக் கணக்குத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரிகள் எழுதிக்கொண்டு போனேன்.

முதல் வரி, 364 நாள் கருவூல உண்டியல், 7.0 சதவீதம். இரண்டாவது வரி, வங்கியில் ஓராண்டு வைப்பு, 7.4 சதவீதம். மூன்றாவது வரி, பத்தாண்டு அரசுக் கடன்பத்திரம், 7.6 சதவீதம். பார்த்தவுடன் பதில் தெரிந்துவிடுகிற பட்டியல் அது. கடைசி இரண்டும் முதலாவதைவிட அதிகம் தருகின்றன, அவற்றில் ஒன்று அரசாங்கத்துடையது, ஆகவே கடன்பத்திரம். ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையுடன்தான் உட்கார்ந்தேன்.

உண்டியல் என்றால் என்ன என்று அக்கா கேட்டார். சொன்னேன். அரசு குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன் அது, மூன்று மாதம், ஆறு மாதம், ஏறக்குறைய ஓராண்டு என்று. இடையில் வட்டி என்று எதுவும் வராது. நூறு என்று அச்சிட்ட காகிதத்தை நூறுக்குக் குறைவான விலைக்கு விற்பார்கள். முதிர்வு நாளில் நூறாகத் திருப்பித் தருவார்கள். இடைவெளிதான் நம் வருமானம். இப்போது என்ன விலை என்றார். ஏல முடிவைப் பார்த்து, 92.92 என்றேன். அக்கா தாளை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இந்த ஏழு சதவீதம் எதற்கு ஏழு? நூறுக்கு ஏழா? நான் நூறு கொடுக்கவில்லையே, தொண்ணூற்று மூன்றுதானே கொடுக்கிறேன்?”

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இந்தப் பதிவு அந்த இரவைப் பற்றியது. அதற்குப் பிறகு என் சொந்தப் பணத்தில் நடந்ததைப் பற்றியதும்கூட.

மூன்று அளவுகோல்கள்

அக்கா கேட்டது சரியான கேள்வி. நான் ஏல முடிவிலிருந்து எடுத்தெழுதிய 7.0 என்பது தள்ளுபடி விகிதம். அதாவது, முகமதிப்பான நூறிலிருந்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கழித்துக்கொண்டு விற்கிறார்கள் என்பது. போதாக்குறைக்கு, அந்த முறையில் ஆண்டுக்கு 360 நாட்கள். 7 சதவீதத்தை 364 நாளால் பெருக்கி 360 ஆல் வகுத்தால் 7.08. அதை நூறிலிருந்து கழித்தால் 92.92. இதுதான் விலை. ஆனால் நாம் முதலீடு செய்தது 92.92. அதன்மீது நமக்குக் கிடைப்பது 7.08. வகுத்துப் பார்த்தால் 7.62. அது 364 நாளுக்கு. 365 நாள் கணக்குக்கு மாற்றினால் 7.64 சதவீதம். நான் ஏழு என்று எழுதிய வரி உண்மையில் ஏழே முக்காலை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஏன் இப்படி ஒரு விசித்திரமான முறை என்றால், இந்தக் காகிதம் பிறந்த விதம் அப்படி. பிரிட்டிஷ் கருவூலம் 1877 இல் முதன்முதலாக இதை வெளியிட்டபோது, வணிகர்கள் தங்களுக்குள் புழங்கிய மாற்றுச் சீட்டைப் போலவே இதையும் அமையுங்கள் என்று யோசனை சொன்னவர் பொருளாதார இதழாசிரியர் வால்டர் பேஜட். வணிகச் சீட்டுக்கு எப்போதும் முகமதிப்பிலிருந்து கழித்துக்கொண்டுதான் காசு கொடுப்பார்கள். தமிழில் இதற்கு உண்டியல் என்ற சொல் பொருத்தமாக வந்து அமர்ந்ததும் அதனால்தான். நம் வணிகர்களும் உண்டியல் எழுதித்தான் ஊர்விட்டு ஊர் பணம் அனுப்பினார்கள். பழைய வழக்கம் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அமெரிக்கக் கருவூல ஏலங்களில் இன்றும் 360 நாள் தள்ளுபடி விகிதம்தான் முதலில் வருகிறது. பக்கத்திலேயே இன்வெஸ்ட்மென்ட் ரேட் என்று இன்னொரு எண்ணையும் போடுகிறார்கள்; நமக்கு வேண்டியது அதுதான். வேறு பல நாடுகளில் ஏல முடிவிலேயே விலையையும் அதற்குரிய வருவாய் விகிதத்தையும், சந்தையில் ஈல்டு என்று சொல்வதை, சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். எந்த எண் என்று குழப்பம் வந்தால் எண்ணை விட்டுவிடலாம். விலையை மட்டும் எடுத்துக்கொண்டு, நூறிலிருந்து கழித்து, கழிந்ததை விலையாலேயே வகுத்து, மீதி நாட்களைக் கொண்டு ஆண்டுக் கணக்காக்கினால் போதும். விலையில் ஏமாற்றம் இருக்காது; கையை விட்டுப் போகிற பணம் அதுதானே.

இந்த இடைவெளி எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 91 நாள் உண்டியலில் அதே 7 சதவீதத் தள்ளுபடி என்றால் விலை 98.23, வருவாய் 7.23 தான். கொடுக்கும் விலை நூறுக்கு மிக அருகில் இருப்பதால் வித்தியாசம் சிறிது. மாறாக, வட்டி தறிகெட்டு ஏறியிருக்கும் காலத்தில் 364 நாளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி என்று வந்தால், உண்மையான வருவாய் 25 சதவீதத்தைத் தாண்டிவிடும். காலம் நீள நீள, விகிதம் ஏற ஏற, தள்ளுபடி எண் உண்மையைக் குறைத்துக் காட்டும்.

சரி, உண்டியலைத் திருத்திவிட்டேன், 7.64. மற்ற இரண்டும்? வங்கி சொன்ன 7.4 காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி. ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 1.85 சதவீதம் அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடுகிறது. ஆண்டு முடிவில் நூறு என்பது 107.61 ஆகிறது. கடன்பத்திரத்தின் 7.6 ஆண்டுக்கு இரண்டு தவணையாக 3.8, 3.8 என்று வருகிறது. முதல் தவணையையும் அதே வட்டிக்கு விட்டால் ஆண்டு முடிவில் 107.74. எல்லாவற்றையும் ‘இன்று நூறு கொடுத்தால் ஓராண்டு கழித்து என்ன’ என்ற ஒரே அளவுகோலில் வைத்தால், 7.0, 7.4, 7.6 என்றிருந்த என் பட்டியல் 7.64, 7.61, 7.74 ஆகிவிட்டது. கடைசியில் நின்ற உண்டியல் வங்கியை முந்திவிட்டது. முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இடையே இருந்த 0.6 இடைவெளி 0.1 ஆகச் சுருங்கிவிட்டது.

மறுநாள் அக்காவிடம் பணமாகவே கணக்குப் போட்டுக் காட்டினேன். 10,70,000 முகமதிப்புக்கு உண்டியல் வாங்கினால் இன்று கொடுக்க வேண்டியது 9,94,268. ஓராண்டில் வரும் லாபம் 75,732. அதே 9,94,268 ஐ வங்கியில் போட்டால் 75,643. அக்கா இரண்டையும் கழித்துப் பார்த்தார். “எண்பத்தொன்பது. இதற்காகவா ராத்திரியெல்லாம் தூங்கவில்லை?” என்றார். கேலிதான். ஆனால் எனக்கு அந்த எண்பத்தொன்பது பெரிய விஷயமாகப் பட்டது. வட்டி அதிகம் என்பதற்காக வங்கியையோ கடன்பத்திரத்தையோ எடுக்கப் போகிறோம் என்று நினைத்திருந்த காரணமே காணாமல் போய்விட்டதே. இனி வேறு காரணங்களைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். வைப்புத்தொகையை இடையில் உடைத்தால் என்ன அபராதம், வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு எவ்வளவு, வரி எதற்கு எப்படி விழுகிறது என்பவை எல்லாம் அப்போதுதான் கணக்கில் வந்தன. வரிதான் சில சமயம் பட்டியலையே தலைகீழாக்கும். அமெரிக்காவில் கருவூலப் பத்திர வட்டிக்கு மாநில வருமான வரி கிடையாது. வங்கி வட்டிக்கு உண்டு. அதிக வரி வாங்கும் மாநிலத்தில் இருப்பவருக்கு அந்த ஒன்றே அரை சதவீதத்துக்கு மேல் பெறும்.

இன்னொரு எண் சொல்லாமல் விட்டது

அன்று என் பட்டியலில் 91 நாள் உண்டியல் இல்லை. அக்காவே கேட்டதால் சேர்த்தேன். 7.23 சதவீதம், ஆனால் ஆண்டில் நான்கு முறை திரும்பத் திரும்ப வாங்கலாம், லாபத்தின் மேல் லாபம் சேர்ந்து ஓராண்டில் 7.4 வரும் என்றேன். சொல்லும்போதே குற்ற உணர்வு வந்தது. 364 நாள் உண்டியலின் 7.64 இன்றைய விலையிலேயே பூட்டப்பட்டுவிட்ட எண். 91 நாளின் 7.4 அப்படியல்ல. அடுத்த மூன்று ஏலங்களிலும் இதே விலை கிடைக்கும் என்ற ஊகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஏலத்துக்கு ஏலம் விகிதம் 7.2, 6.4, 5.6, 4.8 என்று இறங்கினால் ஆண்டு முடிவில் கைக்கு வருவது 6.1 சதவீதம்தான். ஏறினால் அதிகம் வரும். ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படும் இரண்டு எண்களில் ஒன்று ஒப்பந்தம், மற்றொன்று எதிர்பார்ப்பு. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கடன்பத்திரத்தின் 7.74 க்குள்ளும் இப்படி ஓர் ஊகம் இருக்கிறது, அதைவிடப் பெரியது. பத்தாண்டும் வைத்திருப்பேன் என்பது அது. அக்கா வைத்திருக்க மாட்டார். இரண்டாவது ஆண்டு முடிவில் கொத்தனார் வந்துவிடுவார். அப்படியானால் அவருக்கு அந்தப் பத்திரத்தின் வருவாய் 7.74 அல்ல, கூப்பன் என்று சொல்லும் இரண்டு ஆண்டு வட்டித் தவணைகளும், இரண்டு ஆண்டு கழித்துச் சந்தையில் அது என்ன விலைக்குப் போகிறதோ அதுவும் சேர்ந்ததுதான் வருவாய். அந்த விலை இன்று யாருக்கும் தெரியாது. அரசு ஒரு நாள்கூடத் தவணை தவறாமல் கொடுத்தாலும் தெரியாது.

இதை அக்காவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. “அரசாங்கம் நூறு தருவேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. பிறகு எப்படிக் குறையும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தருவேன் என்று எழுதிய நாள் பத்தாண்டு கழித்து இருக்கிறது. அதற்கு முன்பு பணம் வேண்டுமென்றால் அரசிடம் போக முடியாது, இன்னொருவரிடம்தான் விற்க வேண்டும். அந்த இன்னொருவர் அன்றைய புதுப் பத்திரம் 9 சதவீதம் தந்தால் உங்களுடைய 7.6 ஐ நூறு கொடுத்து ஏன் வாங்குவார் என்று சொன்னபோதுதான் தலையசைத்தார். எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 7.6 சதவீதப் பத்தாண்டுப் பத்திரத்துக்குச் சந்தை விகிதம் ஒரு சதவீதம் ஏறினால் விலை ஏறக்குறைய ஏழு சதவீதம் இறங்கும். எட்டாண்டு மீதமிருந்தால் ஆறு. இதே ஒரு சதவீத ஏற்றம் 364 நாள் உண்டியலை வாங்கிய மறுநாளே வந்தாலும் அதன் விலை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கும். அந்த இறக்கமும் முதிர்வு நாள் நெருங்க நெருங்கத் தானே கரைந்துவிடும்.

ஆகவே அக்கா பத்து லட்சத்தையும் உண்டியலில் போட்டார். ஏலத்தில் போட்டியில்லாக் கேட்பு என்று ஒரு வழி இருக்கிறது. நாம் விலை எதுவும் குறிப்பிட வேண்டாம். இவ்வளவு முகமதிப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். பெரிய வங்கிகள் போட்டி போட்டு முடிவாகும் விலையே, சில நாடுகளில் அவற்றின் சராசரி விலையே, நமக்கும் கிடைக்கும். சின்னவர்களுக்கு இவ்வளவு நியாயமான இடம் நிதிச் சந்தையில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. விலை தெரியாமல் கேட்கிறோமே என்று அக்காவுக்குத்தான் கொஞ்சம் நெஞ்சிடி.

நான்? எனக்கு அவசரம் எதுவும் இல்லை, பத்தாண்டு காத்திருக்கத் தெம்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, என் பணத்தில் அந்தக் கடன்பத்திரத்தை நூறு விலைக்கு வாங்கினேன். அக்காவுக்கு அத்தனை பாடம் நடத்திய கையோடு.

அரசு என்றால் பாதுகாப்பா

இடையில் ஒன்று. ‘அரசாங்கம் கொடுக்காமல் போகுமா’ என்று அக்கா கேட்டபோது நான் பொதுவாக இல்லை என்றுதான் சொன்னேன். முழு உண்மை அது அல்ல. 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் சொந்த நாணயமான ரூபிளில் வெளியிட்ட குறுகிய காலப் பத்திரங்களுக்கே பணம் கொடுப்பதை நிறுத்தியது. சொந்த நாணயத்தில் கடன் வாங்கிய அரசு நோட்டு அச்சிட்டாவது கொடுத்துவிடும் என்பது பெரும்பாலும் சரி. எப்போதும் சரி அல்ல. அச்சிட்டே கொடுத்தாலும் அந்த நோட்டு எதை வாங்கும் என்ற கேள்வி நிற்கிறது.

இதற்கு எனக்குத் தெரிந்து இலங்கையைவிடத் தெளிவான பாடம் இல்லை. அங்கே இதைத் திறைசேரி உண்டியல் என்பார்கள். 2022 செப்டம்பரில் அதன் வருவாய் ஏறக்குறைய 30 சதவீதம். அதே மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 30 வாங்கிக்கொண்டு 70 இழப்பவன் முட்டாள் என்றே தோன்றும். பலருக்குத் தோன்றியது. ஆனால் அந்த 70 கடந்துபோன பன்னிரண்டு மாதத்தின் கணக்கு. அது ஏற்கெனவே இழந்தாகிவிட்டது. உண்டியல் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் திரும்பி வராது. உண்டியலின் 30 வரப்போகும் பன்னிரண்டு மாதத்துக்கானது. ஓராண்டு கழித்து, 2023 செப்டம்பரில், அதே சுட்டெண்ணின் பணவீக்கம் 1.3 சதவீதம். 364 நாளுக்குப் பூட்டியவர்களுக்குக் கிடைத்தது ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருகிற லாபம்.

இதைச் சொல்லி, பயப்படாதவர்களுக்குத்தான் பணம் என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். நாடு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்தியிருந்தது. உள்நாட்டு உண்டியல்களிலும் கை வைப்பார்களோ என்ற அச்சம் நிஜமானது. அந்த 30 சதவீதத்தில் ஒரு பகுதி அந்த அச்சத்துக்கான கூலிதான். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது பொதுமக்கள் கையிலிருந்த உண்டியல்களை விட்டுவிட்டார்கள். ஓய்வூதிய நிதிகள் வைத்திருந்த கடன்பத்திரங்களை விடவில்லை. அதே ஆண்டு கானாவிலும் உள்நாட்டுக் கடன்பத்திரங்கள் மாற்றப்பட்டபோது உண்டியல்கள் தப்பின. குறுகிய காலக் காகிதம் தப்பியதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த வாரச் செலவுக்கு அரசு அடுத்த வாரமே உண்டியல் விற்றாக வேண்டும். அந்தக் கதவையும் சாத்திவிட்டால் வேறு கதவு இல்லை. ரஷ்யா அதையும் சாத்தியது என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் கதைக்கு இவ்வளவு நாடகம் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் எனக்கு அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. மற்றவற்றைவிட வெகு அதிகமாக வருவாய் தரும் அரசுப் பத்திரத்தைப் பார்த்தால், அந்த அதிகம் எதற்கான கூலி என்று முதலில் கேட்டுப் பார்க்கிறேன். சில சமயம் அது நீண்ட காலத்துக்கான கூலி. சில சமயம் விற்க ஆள் கிடைக்காததற்கான கூலி. சில சமயம் அச்சத்துக்கான கூலி.

நான் விற்ற நாள்

இரண்டு ஆண்டுகளில் சந்தை விகிதம் ஏறிக்கொண்டே போனது. அக்காவின் முதல் உண்டியல் முதிர்ந்தபோது அடுத்த 364 நாள் உண்டியல் 8.6 சதவீத வருவாய்க்குக் கிடைத்தது. விகிதம் ஏறினால் அவருக்கு லாபம். பழைய காகிதம் கையில் இல்லாததால் இழப்பதற்கு எதுவும் இல்லை. இரண்டாவது ஆண்டு முடிவில் அவருடைய ஒவ்வொரு நூறும் 116.9 ஆகியிருந்தது. கொத்தனார் வந்தார்.

அதே சமயத்தில் எனக்கு ஒரு மருத்துவச் செலவு வந்தது. பத்தாண்டு காத்திருக்கத் தெம்பிருந்த ஆளிடம் வந்தது. என் பத்திரத்துக்கு எட்டாண்டு மீதம்; சந்தை விகிதம் 9.1. கணக்குப்படி அதன் விலை 91.60. திரையிலும் ஏறக்குறைய அதே எண்தான் நின்றது. விற்கப் போனபோது 91.10 தான் கேட்டார்கள். திரையில் தெரிவது கோடிக்கணக்கில் கைமாறும் பெரிய வணிகத்தின் விலை. என்னைப் போல் சில லட்சத்தோடு வருபவருக்கு வாங்குபவர் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்பார். கடைசிக் கூப்பன் வாங்கி நாலைந்து நாள் ஆகியிருந்ததால், அந்த நாலைந்து நாள் வட்டியைத் தனியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். திரை விலையில் அது இருக்காது. வாங்கும்போது இது தெரியாமல், சொன்ன விலையைவிட அதிகம் பிடித்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்களை நான் அறிவேன். இரண்டு தவணைகளுக்குச் சரிநடுவில் 7.6 சதவீதப் பத்திரத்தை வாங்கினால் நூறுக்கு 1.9 அப்படிக் கூடுதலாகக் கொடுக்க நேரும். அது இழப்பல்ல, அடுத்த கூப்பனில் திரும்பி வந்துவிடும்.

என் கணக்கு இப்படி முடிந்தது. நூறு கொடுத்தேன். நான்கு தவணையில் 15.2 வாங்கினேன். 91.1 க்கு விற்றேன். இரண்டு ஆண்டில் லாபம் 6.3. அக்காவுக்கு 16.9. பட்டியலில் 7.6 என்று முதலிடத்தில் இருந்ததை வாங்கியவன் நான்; 7.0 என்று கடைசியில் இருந்ததை வாங்கியவர் அவர். அரசு எங்கள் இருவருக்கும் சொன்ன சொல் தவறவில்லை.

அந்தச் செலவு வரும் என்று எனக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் இன்று யோசிக்கும்போது, தெரியாது என்பதையே நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும் என்று படுகிறது. எல்லாவற்றையும் பத்தாண்டில் வைக்காமல், ஒரு பகுதியை முதிர்வு நாட்கள் ஆண்டுக்கு ஒன்றாக வரும்படி, ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு என்று அடுக்கியிருந்தால், எந்த நேரத்திலும் பன்னிரண்டு மாதத்துக்குள் ஏதோ ஒன்று நூறாக முதிர்ந்திருக்கும். விற்க வேண்டிய தேவை பாதியாவது குறைந்திருக்கும். அதற்கு நான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, அன்றைய நிலவரப்படி, ஆண்டுக்கு 0.1 சதவீதம். அந்தக் கணக்கை அக்காவுக்காக ஓர் இரவு முழுக்கப் போட்டவன் எனக்காகப் போடவில்லை.

விற்றதோடு விட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பத்திரத்தின் விலையை அவ்வப்போது எட்டிப் பார்க்கும் கெட்ட பழக்கம் தொடர்கிறது. இந்த இரண்டு ஆண்டுகளில் விகிதம் திரும்ப இறங்கிவிட்டது. ஆறாண்டு மீதமிருக்கும் பத்திரங்கள் இப்போது 6.6 சதவீதத்தில் நிற்கின்றன. என்னுடையதாக இருந்தது 104.90. போன வாரம் மாடியில் உட்கார்ந்திருக்கும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன்.

“உன்னிடமிருந்து வாங்கினாரே, அவருக்கு எத்தனை சதவீதம் வருகிறது?” என்றார்.

முதிர்வு வரை வைத்திருந்தால் ஒன்பதுக்கு மேல் என்றேன்.

“அதே பத்திரம்தானே?”

“அதே பத்திரம்தான், அக்கா.”